தம்பிக்குக் கணக்கு தெரியாது என்றா சொல்கிறீர்கள்?

கேள்வி: மார்த்தாண்டத்தில் கூல்டிரிங்ஸ் டிஸ்ட்ரிபியூட்டராக இருக்கிறேன். அப்பா தொடங்கிய ஏஜென்சி. மார்ச்சில் சரக்கு இல்லாமல் தவித்தேன். இப்போது ஜூன் பாதியில் குடோனில் 1,400 கேஸ் கிடக்கிறது. மே மாதம் வாரம் 500 கேஸ் விற்றது. மே 31 அன்று கையிருப்பு 1,200. “இரண்டரை வாரத்துக்குக்கூட இல்லை, மூன்று வாரமாவது வேண்டும்” என்று கம்பெனி ரெப் சொன்னதால் இன்னொரு 800 கேஸ் இறக்கினேன். மழை தொடங்கியதும் விற்பனை படுத்துவிட்டது. பெரும்பாலான சரக்குக்கு ஆகஸ்ட் முதல் வாரத்தோடு தேதி முடிகிறது. பேங்க் ஓ.டி. கடனுக்கு வட்டி வேறு. லைன் வண்டி ஓட்டும் என் தம்பி அன்றைக்கே “மழ வந்தா ஒண்ணும் ஓடாது அண்ணே” என்றான். அவனுக்குக் கணக்கு வழக்கு தெரியாது என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வாரமும் தவறாமல் ஸ்டாக் கணக்குப் பார்க்கும் எனக்கு ஏன் இப்படி ஆகிறது? போன வருஷ, இந்த வருஷ பில் கணக்கை இணைத்திருக்கிறேன்.
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: வட்டியையும் ரெப்பையும் அப்புறம் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். தம்பிக்குக் கணக்கு தெரியாதாம். மே மாதக் கடைசியில் உங்கள் ஏஜென்சியில் சரியான கணக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவன் வாயில் இருந்தது. நீங்கள் காது கொடுக்கவில்லை.

நீங்கள் என்ன செய்தீர்கள்? 1,200 கேஸை, மே மாதத்தில் வாரத்துக்கு விற்ற 500-ஆல் வகுத்தீர்கள். 2.4 வாரம் என்று வந்தது. வகுத்தது சரி, எதை வைத்து வகுத்தோம் என்பதுதான் தப்பு. குடோனில் இருக்கும் சரக்கு மே மாதத்துக்கு விற்கப் போவதில்லை, அந்த மாதம் போய்விட்டது. இருக்கும் சரக்கு இனி வரும் வாரங்களில்தான் போக வேண்டும். பானையில் இருக்கும் அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். விருந்தாளிகள் கிளம்பிப் போன மறுநாள், போன வாரம் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று யாரும் கணக்குப் போட மாட்டார்கள். இனி எத்தனை பேர் சாப்பிட இருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பார்கள்.

சரி, உங்கள் தாளை வைத்தே போட்டுப் பார்ப்போம். போன வருஷம் ஜூன் நான்கு வாரங்களில் 350, 250, 200, 180 கேஸ் விற்றிருக்கிறது. ஜூலையில் வாரம் சுமார் 170. ஆகஸ்ட் நடு வரைக்கும் அதே நிலைதான். மே 31-ல் இருந்த 1,200-இலிருந்து வாரம் வாரமாகக் கழியுங்கள். முதல் வாரம் போக 850, அடுத்தது 600, பிறகு 400, பிறகு 220, ஜூலை முதல் வாரம் போக 50. அந்த 50 இன்னும் இரண்டு நாள் ஓடும். ஆக, ஐந்து வாரத்துக்கு மேல் சரக்கு கையில் இருந்தது. நீங்களும் ரெப்பும் அதை இரண்டரை வாரம்கூட இல்லை என்று படித்தீர்கள். 800 கேஸ் சேர்ந்ததும் 2,000. பழைய முறையில் அது நான்கு வாரம். முன்னால் பார்த்துக் கழித்தால் நான்கு வாரத்தில் 980 போய் 1,020 மிஞ்சும், அது ஜூலை விற்பனையில் இன்னும் ஆறு வாரம் இழுக்கும். மொத்தம் பத்து வாரம். பத்தாவது வாரம் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் வருகிறது. தேதி அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இந்த வருஷம் ஜூன் முதல் இரண்டு வாரம் நீங்கள் விற்றது 340, 260. போன வருஷக் கணக்கோடு எவ்வளவு ஒட்டிப் போகிறது பாருங்கள். மே 31 அன்று இது தெரியாத விஷயமே இல்லை.

கழிக்கும்போது ஒன்றில் கவனம் வேண்டும். ஜூன் எதிர்பார்ப்பை மட்டும் சராசரி எடுத்து, வாரம் 245 என்று வைத்து 2,000-ஐ வகுத்தால் எட்டு வாரம் என்று வரும். விற்பனை இறங்கிக்கொண்டிருக்கும்போது முதல் மாதச் சராசரி உங்களைக் குளிரவைக்கும். அதனால் வகுக்காதீர்கள். சரக்கு தீரும்வரை ஒவ்வொரு வாரமாகக் கழித்து, வாரங்களை எண்ணுங்கள்.

மார்ச்சில் தவித்ததும் இதே கோளாறுதான், தலைகீழாக. பிப்ரவரிக் கடைசியில் 880 கேஸ், வார விற்பனை 220, நான்கு வாரம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்திருக்கிறீர்கள். வெயில் ஏறியதும் 300, 380 என்று போய், மூன்றாம் வாரத்துக்கு 450 கேட்டபோது மிச்சம் இருந்தது 200. இரண்டரை வாரத்தில் காலி. விற்பனை ஏறினாலும் இறங்கினாலும் பழைய சராசரி உங்களை எதிர்த்திசையில் தள்ளும். அது ஓரளவு சரியாக இருப்பது விற்பனை ஒரே மட்டத்தில் ஓடும் மாதங்களில் மட்டுமே.

“போன வருஷ பில்லும் பழைய விற்பனைதானே” என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் அது இதே பருவத்து விற்பனை. அதை அப்படியே எழுதிவிடவும் கூடாது. இந்த வருஷம் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்துத் திருத்த வேண்டும். அந்த வேலைக்குத்தான் உங்கள் தம்பி வேண்டும்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக் கடைகளில் எவ்வளவு கடன் நிற்கிறது, யார் கையில் காசு புரளவில்லை என்பது அவனுக்குத் தெரியும். மழை பிடித்துக்கொண்டால் குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால் வெட்டு நிற்கும், அந்த லைனில் பெட்டிக்கடை வியாபாரம் விழும். அதுவும் அவனுக்குத் தெரியும். மே கடைசி வாரம் ஸ்கீம் கொடுத்து எந்தெந்தக் கடையில் இரண்டு வாரத்துச் சரக்கை ஏற்றினீர்கள் என்பதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். அந்தக் கடைகள் ஜூன் முதல் வாரம் வாங்காது. பில்லில் அது பெரிய விற்பனையாகத் தெரியும், கடை ஃபிரிட்ஜில் அப்படியே நிற்கும். மார்ச்சில் சரக்கு இல்லாத நாட்களில் எத்தனை கடைக்காரர் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள் என்பதும் அவனிடம்தான் இருக்கிறது. உங்கள் பில்லில் அந்த நாட்கள் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை வைத்து அடுத்த மார்ச்சுக்கு எதிர்பார்ப்பு போட்டால் மறுபடியும் சரக்கு இல்லாமல் நிற்பீர்கள்.

அண்ணன் கல்லாவில் உட்காருவதும் தம்பி வண்டியில் அலைவதும் குடும்பத் தொழிலில் வழக்கம்தான். அலைகிறவன் பேச்சுக்கு விலை இல்லை என்பது வழக்கமாகக் கூடாது. அப்பா உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனது ஏஜென்சியை மட்டுமா, தம்பியையும் சேர்த்தா? ரெப் சொன்ன ஒரு வார்த்தைக்கு 800 கேஸ் இறக்கினீர்கள். அடுத்த வருஷம் அவர் வேறு ஏரியாவுக்கு மாறிப் போவார். வட்டி கட்டும் வீட்டில் தம்பியும் இருக்கிறான். கூடப்பிறந்தவனைச் சம்பள டிரைவராக வைத்திருக்கும் வீட்டில் எந்தக் கணக்கும் நேராக வராது என்பது என் உறுதியான எண்ணம்.

அதனால் இனி சனிக்கிழமை மாலை வசூல் முடிந்ததும் அவனை எதிரில் உட்கார வையுங்கள். லைன் லைனாக, வரும் ஆறு வாரத்துக்கு என்ன போகும் என்று அவன் சொல்ல, நீங்கள் எழுதுங்கள். சின்ன பாட்டிலையும் இரண்டு லிட்டரையும் தனித்தனியாக எழுதுங்கள். மழையில் முதலில் படுப்பது சின்ன பாட்டில்தான், இரண்டு லிட்டர் கல்யாண வீடுகளைப் பொறுத்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றின் தட்டுப்பாட்டை மற்றதன் குவியல் மறைத்துவிடும்.

பக்கத்திலேயே நிஜமாக விற்றதையும் எழுத இடம் விடுங்கள். தம்பி சொல்வதும் தப்பலாம். ஒரு வாரம் கூடும், ஒரு வாரம் குறையும், அது பரவாயில்லை. நான்கு வாரம் தொடர்ந்து ஒரே பக்கமாகத் தப்பினால் அவன் கணிப்பில் சாய்வு இருக்கிறது, அந்த அளவுக்குக் குறைத்தோ கூட்டியோ எழுதுங்கள். மழை எப்போது பிடிக்கும் என்று நிச்சயமில்லாத மே கடைசி போன்ற நேரத்தில், சீக்கிரம் வந்தால் ஒன்று, தள்ளிப் போனால் ஒன்று என்று இரண்டு எதிர்பார்ப்பு போட்டு இரண்டிலும் கழித்துப் பாருங்கள்.

ரெப் கொடுக்கும் டார்கெட்டை எதிர்பார்ப்பு வரிசையில் எழுதிவிடாதீர்கள். ஜூன் டார்கெட் 1,600 என்று உங்கள் தாளில் இருக்கிறது. அதை வாரம் 400 என்று போட்டால் 2,000 கேஸ் ஐந்து வாரத்தில் தீர்ந்துவிடும், காகிதத்தில். டார்கெட் என்பது உங்களுக்கு அவர்கள் பில் போட ஆசைப்படுவது. எதிர்பார்ப்பு என்பது உங்களிடமிருந்து கடைகள் எடுக்கப் போவது.

இப்போது கிடக்கும் 1,400-க்கு வருவோம். தேதி முடிய 15 நாள் இருக்கும்போதே கடைக்காரர் வாங்க மறுப்பார். எனவே உங்களுக்கு மிச்சம் இருப்பது ஜூலை 20 வரை, ஐந்து வாரம். அதற்குள் போகக்கூடியது 200, 180, பிறகு மூன்று வாரம் 170, மொத்தம் 890. ஆக, 510 கேஸ் இந்த மாவட்டத்தில் விற்காது. ஸ்கீம் போட்டுக் கடைகளில் திணித்தால் ஆகஸ்டில் ரிட்டர்னாக உங்களிடமே வரும்.

ஆரல்வாய்மொழி தாண்டினால் கதை வேறு. நம் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூன், ஜூலையில் தூத்துக்குடியும் திருநெல்வேலியின் கிழக்குப் பகுதியும் காய்ந்து கிடக்கும். அங்கே இதே சரக்கு ஓடும். நீங்களாக அங்கே அனுப்பினால் ஏரியா மீறல் என்று ஏஜென்சிக்கே ஆபத்து. ஏரியா மேனேஜருக்கு இந்தக் கழித்தல் கணக்கை எழுத்தில் அனுப்பி, 510 கேஸை அந்தப் பக்கத்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாற்றவோ, ரிட்டர்ன் எடுத்து கிரெடிட் நோட் கொடுக்கவோ கேளுங்கள். இந்த வாரமே கேளுங்கள். ஏழு வார ஆயுள் உள்ள சரக்கை யாராவது எடுப்பார்கள், மூன்று வாரச் சரக்கைத் தொட மாட்டார்கள்.

ஜூன் 30 அன்று ரெப் மறுபடி வந்து மாதக் கடைசி லோடு கேட்பார். ஆர்டர் போட்ட மூன்றாம் நாள் டிப்போவிலிருந்து லாரி வந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மழைக்காலத்தில் இரண்டு வாரச் சரக்கு போதும், கோடையில் மூன்று. அன்றைக்கு தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவன் கணக்கையே ரெப்பிடம் காட்டிப் பேசுங்கள். லைனில் என்ன ஓடுகிறது என்று ரெப் கேட்டால், பதிலை அவன் சொல்லட்டும்.