கிளைம் நின்றுபோனால் கடைசித் தாள் சேர்ந்த தேதியைப் பிடியுங்கள்

கேள்வி: மெடிக்கல் இன்ஷூரன்ஸ் ரீஇம்பர்ஸ்மென்ட் கிளைம் இரண்டு மாதமாக நகரவில்லை. போன் பண்ணினால் 'ப்ராசஸில் இருக்கு' என்கிறார்கள். மெயிலில் என்ன எழுதுவது?

பதில்: போனை விடுங்கள். அதில் சொன்னதற்கு உங்கள் கையில் எந்த ஆதாரமும் இருக்காது.

போன வருடம் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். மார்ச் 3 அட்மிஷன், 6 டிஸ்சார்ஜ். பில் 86,450 ரூபாய். 14ஆம் தேதி எல்லா ஒரிஜினலையும் அனுப்பினேன். 28ஆம் தேதி ஆஸ்பத்திரி கேஸ் ஷீட் கேட்டார்கள். அதை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ஏப்ரல் 7 அன்று டெலிவரி ஆனது. அதன்பிறகும் ஆன்லைனில் 'டாக்குமென்ட் பெண்டிங்' என்றே காட்டியது. ஆறு முறை போன் செய்தும் பலனில்லை.

அப்போதுதான் பாலிசி புத்தகத்தை முழுசாகப் படித்தேன். கடைசியாகத் தேவைப்பட்ட ஆவணம் அவர்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கும் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் வட்டி தர வேண்டும் என்று இருந்தது. உங்கள் பாலிசியில் கெடு எத்தனை நாள் என்று பாருங்கள். எண்ணிக்கை தொடங்குவது அந்தக் கடைசித் தாளிலிருந்துதான். அதனால் அது போய்ச்சேர்ந்த தேதிக்கு நம்மிடம் சாட்சி வேண்டும்.

மே 12 அன்று கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போட்டேன், கம்பெனிக்காக கிளைம்களைக் கையாளும் டி.பி.ஏ.வுக்கும் நகல். சாரம் இது:

"பாலிசி எண், கிளைம் எண், நோயாளி பெயர் மேலே உள்ளன. மார்ச் 14 அன்று டிஸ்சார்ஜ் சம்மரி, பில், ரசீது, ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்பினேன். நீங்கள் கேட்ட கேஸ் ஷீட் ஏப்ரல் 7 அன்று உங்களுக்கு டெலிவரி ஆகிவிட்டது. ரசீதும் டிராக்கிங் பக்கமும் இணைப்பில். கெடு மே 7 அன்று முடிந்தது. கிளைமை அனுமதித்தால் தொகையையும், பிடித்தம் இருந்தால் ஒவ்வொன்றின் காரணத்தையும் எழுதுங்கள். மறுத்தால் எந்த ஷரத்தின்படி என்று எழுதுங்கள். இன்னும் ஆவணம் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேளுங்கள்."

நாலாம் நாள் பதில் வந்தது. கேஸ் ஷீட்டை வேறொரு கிளைம் எண்ணில் சேர்த்து வைத்திருந்தார்கள். கவருக்குள் கிளைம் எண் எழுதிய தாள் வைத்திருந்தேன், ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் எழுதவில்லை. நீங்கள் பக்கத்துக்குப் பக்கம் எழுதுங்கள், அனுப்புமுன் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி வையுங்கள். ஒரிஜினல் திரும்ப வராது. கையுறை, அட்மிஷன் கிட் என்று 4,310 ரூபாய் பிடித்து, 82,140 ரூபாய் கணக்கில் வந்தது.

அந்த மெயிலுக்கும் இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில் புகாரைப் பதியுங்கள். கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதம் கடந்தும் பதிலில்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால் பாலிசிதாரர் புகார்களை விசாரிக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். மறுத்த நாளிலிருந்து, அல்லது பதிலில்லாமல் அந்த ஒரு மாதம் முடிந்த நாளிலிருந்து, ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.