மூன்று வங்கி வட்டியையும் கூட்டிப் பாருங்கள்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை நான். வயது 52. இந்த நிதியாண்டில் (2025-26) சம்பளம் மொத்தம் 11,90,000 ரூபாய். புதிய வரிமுறையில் இருக்கிறேன். அம்பையில் ஒரு வங்கியிலும் பாளையங்கோட்டையில் ஒரு கூட்டுறவு வங்கியிலும் உள்ள டெபாசிட்டுகளில் மார்ச்சுக்குள் 38,000-மும் 41,000-மும் வட்டி வரும். திருநெல்வேலியில் இன்னொரு வங்கியில், 2024 ஏப்ரல் தொடக்கத்தில் 5 லட்சத்தை 7 சதவீதத்தில் ஐந்து வருடத்துக்குப் போட்டேன். முடிவில்தான் பணம் வரும். போன வருடம் ஆடிட்டர் சொல்லி அதன் வட்டியை ரிட்டர்னில் காட்டினேன். எந்த வங்கியிலும் வரி பிடிக்கவில்லை. 12 லட்சத்துக்குள் இருப்பதால் வரி இல்லை என்று நினைத்திருக்கிறேன். சரிதானா?

பதில்: டீச்சர், சரியில்லை. ஆனால் ஜனவரியிலேயே கேட்டுவிட்டீர்கள், அது நல்லது.

வங்கி வரி பிடிக்காததை முதலில் ஒதுக்கி வையுங்கள். டெபாசிட் வட்டி ஒரு வங்கியில் வருடத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் அந்த வங்கி டி.டி.எஸ். பிடிக்கும். அடுத்த வங்கியில் உங்களுக்கு என்ன வருகிறது என்று அது பார்ப்பதில்லை. உங்களுக்கு மூன்றிலும் 50,000-க்குக் கீழேதான். அதனால் யாரும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வரி கணக்கிடுவது மொத்த வட்டிக்கு.

இப்போது கூட்டுவோம். சம்பளத்தில் நிலையான கழிவு 75,000 போக 11,15,000. கைக்கு வரும் வட்டி 79,000 சேர்த்தால் 11,94,000. நீங்கள் இந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள்.

எஸ்.பி. கணக்கு வட்டியை உங்கள் கடிதத்தில் காணவில்லை. பெரும்பாலும் எல்லோரும் விடுவது இதைத்தான். மூன்று பாஸ்புக்கையும் பதிவு போட்டு வாங்கி, ஜூன், செப்டம்பர், டிசம்பர் முடிவில் வட்டி வரவு வைத்த வரிகளைப் பாருங்கள். மார்ச் முடிவில் வரப்போவதற்கு டிசம்பர் தொகையையே உத்தேசமாக வைத்துக்கொள்ளலாம். உதாரணத்துக்கு மூன்றிலும் சேர்த்து 9,489 என்று வைப்போம். பழைய வரிமுறையில் எஸ்.பி. வட்டிக்கு 10,000 வரை கழிவு உண்டு. புதிய முறையில் கிடையாது. இதைச் சேர்த்ததுமே 12,03,489 ஆகிவிடுகிறது.

அடுத்தது அந்த ஐந்து வருட டெபாசிட். காலாண்டுக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேர்கிற கணக்குப்படி முதல் வருடம் 35,930 ஏறி, 5,35,930 ஆகியிருக்கும். இரண்டாம் வருடமான இப்போது அதன் மேல் ஏறுவது சுமார் 38,511. வட்டி கைக்கு வரும் வருடத்தில் மட்டும் காட்டுகிற வழக்கத்தையும் சட்டம் ஏற்கிறது. ஆனால் எந்த வழக்கமானாலும் வருடா வருடம் அதையே பின்பற்ற வேண்டும். போன வருடம் ஏறிய வட்டியைக் காட்டிவிட்டீர்கள், ஆகவே இந்த வருடமும் காட்டத்தான் வேண்டும். இதில் ஓர் ஆறுதல், முதிர்வில் வரும் மொத்த வட்டியான சுமார் 2,07,000 ஒரே வருடத்தில் தலையில் விழாது.

ஆக மொத்த வருமானம் 12,42,000. 12 லட்சம் வரை இருந்த முழுத் தள்ளுபடி இங்கே போய்விடுகிறது. 4 லட்சத்துக்கு மேல் 8 வரை 5 சதவீதம், 12 வரை 10, அதற்கு மேல் 15 என்று போட்டால் வரி 66,300 வரும். ஆனால் எல்லையைக் கொஞ்சம் தாண்டியவர்களுக்கு மார்ஜினல் ரிலீஃப் உண்டு: தாண்டிய தொகையைவிட வரி அதிகமாகக் கூடாது. நீங்கள் தாண்டியது 42,000. அதுவே வரி. 4 சதவீத செஸ் 1,680 சேர்த்துக் கட்ட வேண்டியது 43,680. தாண்டிய பணம் முழுக்க வரிக்கே போகிறதே என்று மனசு கேட்காதுதான். என்ன செய்ய, இந்த இடத்தில் கணக்கு அப்படித்தான் விழுகிறது. பழைய முறைக்கு மாறலாமா என்றால், பெரிய வீட்டுக்கடன் போன்ற கழிவுகள் இல்லாதவரை வரி இன்னும் கூடும்.

பணத்தை எப்படிக் கட்டுவது? வரி 10,000-ஐத் தாண்டுவதால் இது முன்வரிக் கணக்கில் வரும். ஜூன், செப்டம்பர், டிசம்பர் தவணைகள் போய்விட்டன. நீங்களே மார்ச்சில் கட்டினால் அந்தத் தவணைகளுக்கு வட்டி கேட்பார்கள். அதற்குப் பதிலாக, பிப்ரவரி சம்பளப் பட்டியலுக்கு வருமான வரிப் படிவம் கொடுக்கும்போது இந்த வட்டி முழுவதையும் இதர வருமானமாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். சம்பளத்திலேயே பிடித்துவிட்டால் அந்தத் தவணை வட்டி வராது. ஒரே மாதத்தில் 43,680 போவது கனம்தான். இன்னும் ஜனவரிப் பட்டியல் போகவில்லை என்றால் இரண்டாகப் பிரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஏப்ரலில் மூன்று வங்கியிலும் வட்டிச் சான்றிதழ் வாங்கி, உத்தேசம் போட்ட இடங்களைத் திருத்துங்கள். வருமான வரித்துறை இணையதளத்தில் ஏ.ஐ.எஸ். பட்டியலும் இருக்கிறது, ஆனால் வங்கிகள் விவரம் ஏற்ற மே, ஜூன் ஆகிவிடும். ரிட்டர்ன் போடும்போது அதையும் சான்றிதழையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கூட்டுறவு வங்கித் தொகை அதில் வராமல் போனாலும் நீங்கள் காட்டியாக வேண்டும்.