இரண்டு பிளாக், ஒரு நிலம்: தவணையில் விற்கும் அப்பார்ட்மென்டுக்கு என்பிவி (கேள்வி பதில்)

சென்னையில் பில்டர்களுக்கு ப்ராஜெக்ட் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. கட்டம் கட்டமாகக் கட்டி, கட்டும்போதே தவணையில் பணம் வாங்கும் அப்பார்ட்மென்டுகளைப் பற்றிக் கேளுங்கள். வரியும் பத்திரப் பதிவும் என் துறை இல்லை.

செங்கல்பட்டு, சிறு பில்டர்: சார், ரெண்டு பிளாக், பிளாக்குக்கு 40 ஃபிளாட். ரெண்டையும் ஒண்ணா ஆரம்பிக்கணும்னு பார்ட்னர் ஒத்தக் கால்ல நிக்கிறார். ஒண்ணு பாதி தாண்டினதும் அடுத்ததைத் தொடங்கலாம்னு நான் சொல்றேன். யார் சரி?

உங்கள் எண்கள் கையில் இல்லை. அதனால் உருண்டையான எண்களில் ஒரு கணக்கு.

நிலம் 16 கோடி, இன்றே கொடுக்க வேண்டும். ஒரு ஃபிளாட் 80 லட்சம் என்றால் பிளாக்குக்கு வரவு 32 கோடி. அது முதல் வருடம் 10, இரண்டாம் வருடம் 14, மூன்றாம் வருடம் 8 என்று வருகிறது. கட்டுமானச் செலவு 18 கோடி, அதே வரிசையில் 6, 8, 4. ஆக ஒரு பிளாக்கில் கையில் நிற்பது 4, 6, 4. தள்ளுபடி விகிதம், அதாவது நாளை வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம், வருடத்துக்கு 15 சதவீதம்.

இரண்டையும் ஒன்றாகப் போட்டால் நிகர இன்றைய மதிப்பு, அதாவது என்பிவி, 5.29 கோடி. இரண்டாவது பிளாக்கை இரண்டு வருடம் தள்ளினால் 2.69 கோடி. பார்ட்னர் இந்தத் தாளைத்தான் காட்டியிருப்பார்.

அந்தத் தாளில் ஒரு பொய் இருக்கிறது. 40 ஃபிளாட் விற்கும் அதே காலத்தில் 80 ஃபிளாட்டும் விற்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஒரே ஏரியாவில் ஒரே நேரத்தில் அத்தனை பேர் வருவார்களா? ஒன்றாகத் தொடங்கி, இரண்டாவது பிளாக்கின் வசூல் 3, 7, 10, 12 என்று நான்கு வருடத்துக்கு இழுத்தால் என்ன ஆகும்? கட்டுமானம் நிற்காது, 6, 8, 4 போய்க்கொண்டே இருக்கும். முதல் இரண்டு வருடமும் அந்த பிளாக் உங்கள் கைக்காசைத் தின்னும். என்பிவி 2.09 கோடிக்கு இறங்கிவிடும், தள்ளிக் கட்டுவதைவிடக் குறைவு.

ஆக, உங்கள் சண்டை கணக்கைப் பற்றியது இல்லை. உங்கள் ஏரியாவில் மாதம் எத்தனை ஃபிளாட் விற்கும் என்பதைப் பற்றியது. சுற்றி இருக்கும் நாலைந்து சைட்டில் போய் விசாரியுங்கள். தள்ளிக் கட்டுவதில் இந்த எண்ணுக்குள் வராத லாபமும் ஒன்று உண்டு. முதல் பிளாக் படுத்துவிட்டால் இரண்டாவதைத் தொடங்காமலே இருக்கலாம். ஒன்றாக அஸ்திவாரம் போட்டவருக்கு அந்த வசதி கிடையாது.

அதே பில்டர்: ரெண்டு வருஷம் கழிச்சு விலை 5% ஏறும்ல சார், அதைச் சேர்க்கலையே?

சேர்க்கலாம். வரவை மட்டும் ஏற்றினால் 93 லட்சம் கூடும். கம்பியும் சிமென்டும் கூலியும் அதே 5 சதவீதம் ஏறினால் நிற்பது 40 லட்சம்தான். விலையை ஏற்றிச் செலவை ஏற்றாத தாள்களை வாரத்துக்கு ஒன்று பார்க்கிறேன்.

திருச்சி, எம்பிஏ மாணவி: சார், உங்க எண்ணையே எக்செல்ல போட்டேன். தள்ளிக் கட்டுற கணக்குக்கு 2.34 வருது. உங்களுக்கு 2.69 எப்படி?

நல்ல கேள்வி. நிலத்தின் −16-ஐயும் `NPV`-க்குள்ளேயே கொடுத்திருப்பீர்கள். அடைப்புக்குள் இருக்கும் முதல் எண் ஒரு வருடம் கழித்து வருகிறது என்றுதான் அந்த ஃபார்முலா நினைத்துக்கொள்ளும். அதனால் மொத்தக் கணக்கும் ஒரு வருடம் பின்னால் போய்விடும். 2.69-ஐ 1.15-ஆல் வகுத்துப் பாருங்கள், உங்கள் 2.34 வரும். இன்றைய பணம் வெளியே நிற்க வேண்டும்:

```
=B2+NPV(15%,C2:G2)
```

B2-இல் −16, அடுத்து 4, 6, 8, 6, 4. மூன்றாம் வருடத்தில் 8 ஏனென்றால் முதல் பிளாக்கின் கடைசி 4-ம் இரண்டாவதின் முதல் 4-ம் சேருகின்றன. தேதி வாரியாகத் தவணை இருந்தால் `XNPV` போடுங்கள். அதில் முதல் தேதிதான் இன்று, எல்லா எண்ணும் உள்ளேயே இருக்கலாம்.

தாம்பரம்: ஐஆர்ஆர் 22% மேல வந்தா போதும்னு சொல்றாங்களே சார்?

ஐஆர்ஆர் என்பது போட்ட பணம் வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஈட்டுகிறது என்ற எண். தவணையில் விற்கும் ப்ராஜெக்டில் அது ஏமாற்றும். வாங்குபவர் பணத்திலேயே கட்டும்போது உங்கள் கைமுதல் சிறுத்துவிடும், சதவீதம் பலூன் மாதிரி ஊதும். எத்தனை கோடி மிஞ்சுகிறது என்று கேளுங்கள்.

போரூர்: லாஞ்ச் மாசத்துலயே 30 புக்கிங் ஆயிடுச்சு. அந்த வரவை முழுசா முதல் வருஷத்துல போடலாமா?

கூடாது. புக்கிங் வேறு, பணம் வேறு. இதை இன்றைக்கு இன்னும் நாலு தடவை சொல்லப்போகிறேன். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவே, ரியல் எஸ்டேட்டை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டத்தின் 13-ஆம் பிரிவு விடாது. மீதி அஸ்திவாரம், ஒவ்வொரு தளத்தின் கான்கிரீட், செங்கல் வேலை, பூச்சு, சாவி என்று வேலையின் பின்னால்தான் வரும்.

நான் கணக்குப் பார்த்த ஒரு சைட்டில் மூன்றாம் தளம் முடிந்ததாக எல்லோருக்கும் டிமாண்ட் லெட்டர் போய்விட்டது. கடன் கொடுத்த பேங்கின் இன்ஜினியர் மாடி ஏறிப் பார்த்தார். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி இருந்தது. கான்கிரீட் போடவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். லோனில் வாங்கிய அத்தனை பேரின் தவணையும் அங்கேயே நின்றது. கம்பிக்காரருக்கோ அந்த வாரமே பணம் வேண்டும்.

மேலே போட்ட கணக்கில், தள்ளிக் கட்டும் இரண்டு பிளாக்கிலும் வசூல் மட்டும் ஆறு மாதம் தாமதம், செலவு நேரத்துக்கு நடக்கிறது என்று வைத்துப் பாருங்கள். என்பிவி 2.91 கோடி குறையும். இருந்ததே 2.69. ஒரு ஃபிளாட்கூட விலை குறையவில்லை, தாளில் லாபம் அதே 12 கோடி, ஆனால் என்பிவி மைனஸ் 21 லட்சம்.

மேடவாக்கம், வாங்குபவர்: நான் பில்டர் இல்லை. 80 லட்சம் ஃபிளாட். மொத்தமா இப்பவே கட்டினா 75-க்குத் தர்றாங்க. எடுத்துக்கலாமா?

தவணை எப்படி என்று சொல்லவில்லை. இன்று 8, ஒரு வருடத்தில் 24, இரண்டில் 32, மூன்றில் சாவி வாங்கும்போது 16 லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டுக் கடன் வட்டி 9 சதவீதம் என்றால் இந்தத் தவணைகளின் இன்றைய மதிப்பு 69.3 லட்சம். 75 கேட்பது தள்ளுபடியே இல்லை. 69-க்குக் கொடுத்தாலும் நான் யோசிப்பேன், ஏனென்றால் வேலை நின்றால் மாட்டிக்கொள்வது முழுப் பணமும். தவணையில் இருப்பவர் பாதியோடு தப்பிக்கலாம்.

குன்றத்தூர்: எங்க நிலம் அப்பா வாங்கினது சார். அதனால நிலச் செலவு பூஜ்யம். என்பிவி 18 கோடிக்கு மேல வருது!

வராது. இன்று விற்றால் 16 கோடி கிடைக்குமென்றால், கட்டுவதற்காக அந்த 16 கோடியை விடுகிறீர்கள். அதை இன்றைய செலவாகப் போடுங்கள்.

குன்றத்தூர்: விற்கவே மாட்டோம் சார், பூர்வீகம். விற்காத நிலத்துக்கு எதுக்கு விலை?

விற்க மாட்டீர்கள் என்கிறீர்கள். அதன் மேல் 80 ஃபிளாட் கட்டி, ஒவ்வொருவருக்கும் பிரிக்கப்படாத பங்கு எழுதிக் கொடுத்தபிறகு அது யாருடைய நிலம்? அதுவும் விற்பனைதான், தவணையில்.

வளசரவாக்கம், ஓய்வுபெற்ற ஆடிட்டர்: தம்பி, ஒரேயடியாக அடிக்காதீர்கள். பதினாறு கோடிக்கு ரொக்கமாக வாங்க ஆள் எங்கே? பெரிய நிலம் விற்கவே வருடக்கணக்காகும். அதையும் தள்ளுபடி செய்ய வேண்டாமா?

ஐயா சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வருடம் கழித்துத்தான் 16 கோடி கிடைக்கும் என்றால் இன்றைக்கு அது 12.1 கோடி. அதுவரை நிலத்தின் விலை ஏறாது என்று வைத்தால்.

வளசரவாக்கம்: நிலம் ஏறாது என்று எந்த ஊரில் வைப்பது? கூட்டு ஒப்பந்தத்துக்குக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பதுதான் சரியான அளவு.

அதில் எனக்குச் சம்மதம் இல்லை. கூட்டு ஒப்பந்தத்தில் நிலத்துக்காரருக்குக் கிடைப்பது ஃபிளாட்டுகள், அதுவும் கட்டி முடித்தபின். அவற்றின் மதிப்பு நாம் கண்டுபிடிக்கப் பார்க்கும் விலையையும் வேகத்தையுமே நம்பி நிற்கிறது. அதையே நில விலையாகப் போட்டால் கணக்கு தன் வாலைத் தானே கடிக்கும்.

சோழிங்கநல்லூர்: நான் கூட்டு ஒப்பந்தம்தான் போட்டேன், பாதிக்குப் பாதி. நிலத்துக்குக் காசே கொடுக்கலை. அப்ப ஐயா சொல்றதுதானே சரி?

அது வேறு கேள்வி. நீங்கள் பணத்துக்குப் பதில் பாதி ஃபிளாட்டைக் கொடுத்துவிட்டீர்கள். வரவில் உங்கள் பங்கை மட்டும் போடுங்கள், செலவில் முழுக் கட்டிடத்தையும் போடுங்கள். இதை மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வளசரவாக்கம்: வால் கடிக்கட்டும் தம்பி, நிலத்துக்காரன் அப்படித்தான் யோசிக்கிறான்.

அவர் அப்படி யோசிப்பது உண்மைதான். என் தாளில் மட்டும் போட மாட்டேன்.

ஆவடி: முதல் பிளாக்ல வர்ற காசை எடுத்து ரெண்டாவது பிளாக்குக்கு அஸ்திவாரம் போட்டா கைக்காசே வேண்டாமே?

ரெராவில் ஒவ்வொரு கட்டமும் தனி ப்ராஜெக்ட், தனிப் பதிவு. வாங்குபவர் தரும் பணத்தில் 70 சதவீதம் அந்தக் கட்டத்தின் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். அது அந்தக் கட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டும். முடிந்த வேலையின் விகிதத்தில், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், சி.ஏ. மூவரும் சான்று கொடுத்தபின்தான் எடுக்கலாம். நம் உதாரணத்தில் முதல் வருடம் வரும் 10 கோடியில் தாராளமாகக் கைக்கு வருவது 3. அதனால் பிளாக் வாரியாகத் தனித்தனி வரிசை போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே பானையில் கொட்டினால், தாளில் இருக்கும் பணம் பேங்கில் பூட்டிக் கிடக்கும்.

கோவை: ஐஆர்ஆர் 58% வருது சார், சூப்பர் தானே?

மேலே தாம்பரத்துக்குச் சொன்னது.

வேலூர்: ஜிஎஸ்டி-ஐ வரவுல சேர்க்கணுமா?

கூடாது, அது அரசாங்கத்தின் பணம். மீதியை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

ஓசூர்: சார் லேட்டா வந்தேன். ஐஆர்ஆர் எவ்வளவு இருந்தா நல்ல ப்ராஜெக்ட்?

மூன்றாவது தடவை. எத்தனை கோடி மிஞ்சுகிறது?

ஓசூர்: புக்கிங் எல்லாம் முடிஞ்சது சார், அதனால 9 கோடி நிச்சயம்.

வசூல் எவ்வளவு வந்திருக்கிறது? பேங்க் ஸ்டேட்மென்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள், நாளை காலை பார்க்கிறேன்.