நீலமும் பச்சையும்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வியட்நாமிய மொழியில் நீலத்துக்கும் பச்சைக்கும் ஒரே சொல்தான் என்று அண்மையில் படித்தேன். அப்படியானால் அவர்களுக்கு வானமும் இலையும் ஒரே நிறமாகத்தான் தெரிகின்றனவா? கண்ணெதிரே இருக்கும் வேறுபாட்டை ஒரு மொழி ஏன் பெயரிடாமல் விடுகிறது?

அன்புடன்,
கலைவாணி

அன்புள்ள கலைவாணி,

வேறுபாடு அவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது. பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் வியட்நாமியர் ‘ஸான்’ என்ற அந்தச் சொல்லோடு இலையையோ வானையோ சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். வானவில்லில் கோடுகள் கிடையாது. ஒரு நிறம் இன்னொன்றுக்குள் நழுவிக்கொண்டே போகிறது, பெயர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்க வேண்டும் என்பதை மொழி தீர்மானிக்கிறது.

இதை ஆராய 1976இல் தொடங்கிய உலக நிறப்பெயர் ஆய்வில், எழுத்து வழக்கில்லாத 110 மொழிகளைப் பேசுவோரிடம் 330 நிறச் சில்லுகளை ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் கேட்டார்கள். பிறகு எல்லாச் சில்லுகளையும் ஒரே பலகையில் வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் மிகப் பொருத்தமான சில்லைச் சுட்டச் சொன்னார்கள். நீலம், பச்சை இரண்டையும் தழுவும் சொல்லுக்கு இரண்டுக்கும் நடுவிலுள்ள நிறத்தைத்தான் காட்டுவார்கள் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆனால் பலரும் தெளிவான பச்சையையோ தெளிவான நீலத்தையோதான் சுட்டினார்கள். சொல் ஒன்றாக இருந்தாலும் அதற்குள் இரண்டு மையங்கள் இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அதற்காகப் பெயருக்கும் பார்வைக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. பால் கே, வில்லெட் கெம்ப்டன் இருவரும் 1984இல் வெளியிட்ட சோதனை இங்கே முக்கியமானது. வட மெக்சிகோவின் தராஹுமாரா மொழியில் இரு நிறங்களுக்கும் ஒரே சொல். அம்மொழியினரிடமும் ஆங்கிலம் பேசுவோரிடமும், பச்சையிலிருந்து நீலம் வரை படிப்படியாக மாறும் சில்லுகளில் மும்மூன்றாகக் கொடுத்து, மூன்றில் எது மற்ற இரண்டிலிருந்து அதிகம் விலகியது என்று கேட்டார்கள். பெயர் மாறும் எல்லைக்கு இருபுறமும் உள்ள சில்லுகளுக்கிடையிலான தொலைவை ஆங்கிலம் பேசுவோர் மிகைப்படுத்தினார்கள். தராஹுமாராக்களிடம் அந்த மிகை இல்லை.

ஆய்வாளர்கள் அத்தோடு நிறுத்தியிருந்தால், மொழி பார்வையையே மாற்றுகிறது என்று முழங்குவோருக்குக் கொண்டாட்டமாகியிருக்கும். அவர்கள் ஆங்கிலம் பேசுவோரிடம் சோதனையைச் சற்று மாற்றி மறுபடி நடத்தினார்கள். ஒரு நேரத்தில் இரண்டு சில்லுகள் மட்டும் தெரியும்படி மூடி வைத்து, முதல் இணையைக் காட்டி ‘இது அதைவிடப் பச்சை’ என்றும், இரண்டாம் இணையைக் காட்டி ‘இது அதைவிட நீலம்’ என்றும் சொல்லி, எந்த இணையில் வேறுபாடு அதிகம் என்று கேட்டார்கள். நடுச் சில்லு இரு பெயரையும் பெற்றுவிட்டதால் பெயரை வைத்து முடிவு செய்ய வழியில்லாமல் போயிற்று. முன்பு தெரிந்த மிகையும் மறைந்தது. ஐயம் வரும்போது மனம் பெயரைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பொருள்.

ஏன் சில மொழிகள் பிரிக்கவில்லை என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிரால் கண்வில்லை மஞ்சளாகி நீலம் மங்குகிறது என்று 2002இல் ஒரு கருத்து வந்தது. வெப்ப மண்டலங்களில் இத்தகைய மொழிகள் அதிகம் என்பதால் கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் வயதால் வில்லை மஞ்சளான முதியவர்களும் இளைஞர்களைப் போலவே நீலத்தை நீலம் என்றே அழைக்கிறார்கள். மெதுவாக நேரும் மாற்றத்துக்குப் பார்வை தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

எனக்கு ஏற்புடையது தேவை சார்ந்த விளக்கம். நாம் எடுத்துப் பேசும் பொருள்களின் நிறங்கள் பெரும்பாலும் சிவப்பு, மஞ்சள் பக்கமும், அவற்றின் பின்புலம் நீலம், பச்சைப் பக்கமும் இருக்கின்றன என்பதைப் படங்களை அளந்து 2017இல் காட்டினார்கள். இலையை இலை என்றும் வானை வானம் என்றும் சொன்னாலே போதும் என்னும்போது நிறத்தைப் பிரிக்க அவசரமில்லை. ஒரே வடிவில், நிறம் மட்டும் மாறிய சாயத்துணிகளும் செய்பொருள்களும் பெருகும்போதுதான் அந்தத் தேவை கூர்மையாகிறது.

தேவை வேறொரு மொழி வழியாகவும் வரலாம். பொலிவியாவின் சிமானே மொழியில் இந்த நிறப்பரப்புக்கு இரண்டு சொற்கள் இருந்தும், அதை மட்டுமே பேசுகிறவர்கள் அவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். ஸ்பானியமும் கற்றவர்களோ தாய்மொழியில் பேசும்போதுகூட ஒன்றை நீலத்துக்கும் மற்றதைப் பச்சைக்கும் ஒதுக்கிவிடுகிறார்கள் என்று 2023இல் வெளியான ஆய்வு கண்டது. அவர்கள் ஸ்பானியத்திலிருந்து பெற்றது பிரிவை மட்டும்தான், பெயர்கள் அவர்களுடையவை.