பலூனை எப்போது கையிலிருந்து வாங்க வேண்டும்?

"நாலாவது, அஞ்சாவது பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லித்தருகிறேன். பந்து வந்தாலே கண்ணை மூடிக்கொண்டு கையை இழுத்துக்கொள்கிறார்கள். பலூன், ஸ்பாஞ்ச் பந்து வைத்து அண்டர்ஆர்ம் பாஸும் ஓவர்ஹெட் செட்டும் பழக்கலாம் என்கிறார்கள். எத்தனை நாள் பலூன், எப்போது பந்து?"

தலைக்கு மேலே விரல்நுனியால் பந்தைத் தள்ளுகிற செட்டுக்கு ஒரு வாரம் வரை பலூன் இருக்கலாம். கீழே முன்கையில் பந்தை வாங்கி அனுப்புகிற அண்டர்ஆர்ம் பாஸுக்கு இரண்டே வகுப்பு போதும், மூன்றாவது வகுப்பில் பலூனை வாங்கி வைத்துவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே கணக்கு போட்டதால் எங்கள் பிள்ளைகளுக்கு மூன்று வாரம் வீணானது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஏற்காடு மலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லித்தருகிறேன். எங்கள் மைதானம் சரிவு. பந்து தப்பினால் காபிச் செடிகளுக்குள் உருண்டு போய்விடும், தேடி எடுத்துவர ஒரு பிள்ளை ஐந்து நிமிடம் இறங்கி ஏற வேண்டும். அதனால் சேலம் சின்னக்கடை வீதியில் பலூன் பாக்கெட் வாங்கிவந்து, வராண்டாவிலேயே ஆரம்பித்தேன். வெளியே வைத்து நடத்த முடியாது. மலைக்காற்றில் பலூன் ஒரு பக்கமாக ஓடும், பிள்ளைகள் அதைத் துரத்துவார்களே தவிர அதற்கடியில் போய் நிற்க மாட்டார்கள்.

மூன்று வாரம் பலூனை வைத்தே இரண்டையும் பழக்கினேன். எல்லோரும் பலூனைக் கீழே விடாமல் இருபது முப்பது தடவை தட்டினார்கள். சரி, கை வந்துவிட்டது என்று நினைத்து ஸ்பாஞ்ச் பந்தைக் கொடுத்தேன். முதல் பந்து ஓட்டுக்கூரையில் பட்டது. அடுத்தது அடித்த பிள்ளையின் தலைக்குப் பின்னால் போனது. பதினெட்டுப் பிள்ளைகளில் நேராக அனுப்பியவர்கள் மூன்று பேர்.

காரணம் பலூனிலேயே இருக்கிறது. பலூனுக்கு எடை மிகக் குறைவு, காற்று அதைப் பிடித்து நிறுத்துகிறது. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் வாலிபால் ஒரு நொடிக்குள் தரைக்கு வந்துவிடும், பலூன் கிட்டத்தட்ட ஒன்றரை நொடி எடுத்துக்கொள்ளும். அந்த நேரம்தான் பிள்ளைக்கு வரம். கண்ணை மூடாமல் பார்க்கலாம், நகர்ந்து அடியில் வரலாம், வலியும் இல்லை. ஆனால் கையை அசைக்காமல் பலகை மாதிரி நீட்டினால் பலூன் அதன்மேல் சும்மா உட்கார்ந்துகொள்ளும், எழும்பாது. எழும்ப வைக்க வேண்டுமானால் கையை வீச வேண்டும். ஆக, பலூன் நாள் முழுக்க "வீசு, வீசு" என்றே சொல்லிக்கொடுக்கிறது. அண்டர்ஆர்ம் பாஸில் செய்யவே கூடாதது அதுதான். வேகமாக வரும் பந்துக்கு வேகம் ஏற்கெனவே உண்டு. முன்கை அதற்குத் திசை காட்டினால் போதும், மேலே தூக்க முழங்கால் இருக்கிறது.

அதனால் பாஸுக்குப் பலூனை அடிக்கக் கொடுக்காதீர்கள், சுமக்கக் கொடுங்கள். ஒரு கையின் விரல்கள்மேல் மறுகையின் விரல்களை வைத்து, இரண்டு கட்டைவிரலும் பக்கம் பக்கமாகத் தரையைப் பார்க்கும்படி இறக்கி, முழங்கையை நீட்டச் சொல்லுங்கள். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு முன்கையும் சேர்ந்து ஒரு தட்டையான இடம் கிடைக்கும். அங்கே பலூனை வைத்து வராண்டாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடக்க வேண்டும், முழங்கால் லேசாக மடங்கியே இருக்க வேண்டும். ஒரு கை உயர்ந்தாலும், முழங்கை மடங்கினாலும் பலூன் நழுவிவிடும். நான் ஒன்றும் திருத்த வேண்டியதில்லை, பலூனே காட்டிக்கொடுக்கும். அடுத்த நாள், நான் பலூனைத் தூக்கிப் போட, பிள்ளை ஓடிவந்து முன்கையில் ஏந்தி நிறுத்த வேண்டும், அடிக்கக் கூடாது. கால் முதலில் வர வேண்டும், கை அப்புறம். பாஸுக்குப் பலூனால் கிடைப்பது இவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ஸ்பாஞ்ச் பந்து. இதை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது, கையில் பட்டால் எழும்ப வேண்டும். துணிப்பந்தும் காற்று இறங்கிய பழைய வாலிபாலும் வலிக்காதுதான். ஆனால் முன்கையில் பட்டுச் செத்துவிழும், பிள்ளை மறுபடி வீசத் தொடங்கிவிடும். இடுப்பு உயரத்திலிருந்து தரையில் விட்டால் முழங்கால் வரையாவது எழும்பும் பந்தாகப் பார்த்து எடுங்கள். கிடைக்கவில்லை என்றால், பலூன்மேல் பேப்பர் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பட்டை ஒட்டுங்கள். எடை கூடும், விழுகிற வேகமும் கூடும். முழுப் பந்து ஆகாது, ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு படியாக நன்றாகவே உதவும்.

முதலில் ஒருவர் பந்தை முன்கைக்கு ஒரு முழம் மேலிருந்து சும்மா விட, மற்றவர் கையை வீசாமல் முழங்காலை நிமிர்த்தி மட்டும் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். பட்ட பிறகு கை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தோளுக்குக் கீழே நின்றால் சரி. முகத்துக்கு மேலே போய்விட்டால் பந்து பின்னால்தான் போகும்.

எங்கே படுகிறது என்பதைப் பார்க்க நான் பந்தில் சாக்பீஸ் தூளைத் தடவிவிடுகிறேன். பனிமூட்ட நாளில் கையில் ஈரம் இருக்கும், அச்சு இன்னும் தெளிவாக விழும். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எவ்வளவு முயன்றும் பந்து எப்போதும் அவளுக்கு இடது பக்கமே போனது. அவளுடைய கையைத் திருப்பிப் பார்த்தேன். வலது முன்கையில் மட்டும் வெள்ளையாக ஒரு வட்டம், இடதில் ஒன்றுமே இல்லை.

"கண்ணு, ரெண்டு கையும் ஒரே உயரத்துல இருக்கா பாரு."

குனிந்து பார்த்தாள். "வலது மேல இருக்கு டீச்சர்."

கை சேர்க்கும்போது வலது தோளை உயர்த்திவிடுகிறாள். இரண்டு தோளையும் முன்னால் தள்ளிக் காதோடு சேர்க்கிற மாதிரி வைக்கச் சொன்னேன். நாலைந்து பந்து கழித்து இரண்டு கையிலும் பாதிப் பாதியாக அச்சு விழுந்தது, பந்தும் நேராக வந்தது. அச்சு மணிக்கட்டிலிருந்து மூன்று நான்கு விரல்கடை மேலே, இரண்டு கையிலும் சமமாக இருக்க வேண்டும். கட்டைவிரலில் விழுந்தால் கால் பந்துக்கு அடியில் வந்து சேரவில்லை, எட்டிப் பிடித்திருக்கிறாள் என்று அர்த்தம். முழங்கைக்கு அருகில் விழுந்தால் பந்து உடம்புக்கு மிக நெருக்கமாக வரும்வரை விட்டுவிட்டாள்.

செட்டில் கதையே வேறு. இங்கே பலூனின் மெதுவான வேகம் எந்தக் கெட்ட பழக்கத்தையும் தருவதில்லை, கை வடிவம் அமைய நேரம் தருகிறது. இரண்டு கையையும் நெற்றிக்கு மேலே ஒரு சாண் தள்ளி, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து முக்கோண ஜன்னல் மாதிரி வர வைத்து, அதன் வழியே பலூனைப் பார்க்கச் சொல்லுங்கள். முழங்கை கொஞ்சம் வெளிப்பக்கம் விரியட்டும். கட்டைவிரல் கண்ணைப் பார்க்க வேண்டும். அது முன்னால் பலூனைப் பார்த்து நீண்டிருந்தால், நாளைக்கு நிஜப் பந்து அதில் நேராக மோதி விரல் சுளுக்கும். பலூனில் வலிக்காது என்பதால் இந்தத் தப்பு மறைந்தே இருக்கும், நீங்கள்தான் கண்ணால் பிடிக்க வேண்டும்.

சரியான இடத்துக்கு அடியில் நிற்கிறார்களா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பலூன் வரும்போது "கையை விடு" என்பேன். கையை விலக்கியதும் பலூன் நெற்றியில் விழ வேண்டும். மூக்கில் விழுந்தால் ஒரு அடி பின்னால் நிற்கிறார்கள். உச்சந்தலையில் விழுந்தால் அளவுக்கு மீறி உள்ளே போய்விட்டார்கள். நிஜப் பந்தில் இதைச் செய்தால் மறுநாள் அந்தப் பிள்ளை வராது, பலூனில் சிரித்துக்கொண்டே பத்து முறை செய்வார்கள். பலூன்மேல் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு முகம் வரைந்துவிடுங்கள். இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஒரே அளவு தள்ளினால் அந்த முகம் சுற்றாமல் போகும். ஒரு கை முந்தினால் சுழலும். காதையும் வைத்துக்கொள்ளுங்கள்: உள்ளங்கை பட்டால் "பட்" என்று சத்தம் வரும், விரல்நுனிச் சதை பட்டால் கிட்டத்தட்டச் சத்தமே இருக்காது.

முகம் சுற்றாமல் தொடர்ந்து ஐந்து முறை போகிற பிள்ளைக்கு ஸ்பாஞ்ச் பந்து கொடுக்கலாம். இங்கே பிடித்துத் தள்ளுவதிலிருந்து ஆரம்பியுங்கள்: நெற்றிக்கு மேலே அதே ஜன்னலில் பிடி, முழங்காலை மடக்கு, எழுந்துகொண்டே கையை நீட்டித் தள்ளு. பிடித்து நிற்கும் நேரத்தை ஒவ்வொரு வகுப்பிலும் குறைத்துக்கொண்டே வாருங்கள். இரண்டு வகுப்புக்கு மேல் பிடிக்க விடாதீர்கள், ஆட்டத்தில் பந்தைப் பிடித்து நிறுத்தினால் அது தவறு. அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது சிரமம்.

இன்னொன்று. உடைந்த பலூன் துண்டுகளை உடனுக்குடன் பொறுக்கிவிடுங்கள். மைதானத்துக்கு வரும் தம்பி தங்கைகள் அதை வாயில் வைத்து மென்றால் தொண்டையில் அடைக்கும். பலூன் பட்டால் யாருக்காவது அரிப்பு வந்தால் அவர்களுக்கு ரப்பர் ஒத்துக்கொள்ளவில்லை. நேரடியாக ஸ்பாஞ்ச் பந்துக்குப் போய்விடுங்கள்.

நிஜ வாலிபால் 260 முதல் 280 கிராம் எடை. ஒன்பது வயது முன்கைக்கு அது பாரம்தான். எங்களிடம் ஒரு மாதம் ஸ்பாஞ்ச் பந்தில் ஆடிய பிறகு, ஐந்து பாஸில் நாலு பாஸ் நேராக வருகிறவர்களுக்கு மட்டும் கொடுக்கிறேன். அதுவும் முதல் நாள் முழுக்கைச் சட்டை போட்டு வரச் சொல்லி, மறுபடியும் ஒரு முழ உயரத்திலிருந்து விடுவதில்தான் தொடங்குகிறேன். அந்த முதல் பத்துப் பந்தில் கண் மூடுகிறதா என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். மூடினால் திட்டுவதில்லை, அன்றைக்கு ஸ்பாஞ்ச் பந்துக்கே திரும்பிவிடுவோம்.