380 பதில்களுக்கு இரண்டு பேர் போதும்

"எங்கள் தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கம் சிற்றுண்டிச்சாலையைப் பற்றிக் கருத்துக் கேட்டது. 380 பெற்றோர் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தந்தார்கள். கணினியே தலைப்பு தலைப்பாகப் பிரித்துவிடும் என்று ஒருவர் 2,500 ரிங்கிட் கேட்கிறார். கொடுக்கலாமா?" – செயலாளர், பட்டர்வொர்த்

கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் முறைக்குப் பொருள் தெரியாது. ஒரே பதிலில் சேர்ந்து வரும் சொற்களைக் கொத்தாகக் கட்டித் தரும், அவ்வளவுதான். நீண்ட கட்டுரைகளில் அது நன்றாக ஓடும். "விலை அதிகம்" என்ற இரண்டு சொல்லில் சேர்ந்து வர என்ன இருக்கிறது? மலாயில் வந்த விலைப் புகாரும் தமிழில் வந்த விலைப் புகாரும் ஒரே பதிலில் சந்திப்பதில்லை. அதனால் அவை வெவ்வேறு தலைப்பாகிவிடும். எத்தனை தலைப்பு வேண்டும் என்பதையும் கணினி சொல்லாது. அவர்தான் எண்ணைக் கொடுக்கிறார். ஐந்து கேட்டால் ஐந்து வரும்.

எனக்குப் பெரிய கவலை அதற்கு முந்திய படி: பதில்களைச் சொற்களாக வெட்டிச் சுத்தம் செய்வது. சில ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரில் ஓர் அறிக்கையைப் பார்க்கச் சொன்னார்கள். அடிக்கடி வரும் சொல்லைப் பெரிதாகக் காட்டும் சொற்படத்தின் நடுவில், சுவையானது என்று பொருள்படும் `sedap` பெரிதாக நின்றது. படிவங்களைப் புரட்டினேன். பலர் எழுதியிருந்தது `x sedap`. கைப்பேசி மலாயில் `x` என்றால் "இல்லை". பதில்களைச் சொற்களாக வெட்டி எண்ணப் பலரும் பயன்படுத்தும் `CountVectorizer` என்ற கருவி, மாற்றிச் சொல்லாவிட்டால், ஓரெழுத்துச் சொற்களை எறிந்துவிடும். புகார் பாராட்டாகிவிட்டது.

தமிழுக்கு இன்னும் மோசம். அதே கருவி புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தாக எண்ணாமல் அந்த இடங்களில் சொல்லை வெட்டுகிறது. "விலை" ஓரெழுத்துத் துண்டுகளாகிக் காணாமல் போகும். "அதிகம்" என்பதில் "அத", "கம" மிஞ்சும். "சாப்பாடு" சுவடின்றிப் போகும். இதைக் கவனிக்காமலே வண்ணப்படம் விற்கிறார்கள். வண்ணப்படம் கேட்டு வாங்கும் அலுவலகங்கள் பலவும் மூலப் பதில்களைக் கேட்பதில்லை. இந்த வழக்கம் இருக்கும்வரை இடைத்தரகருக்குக் கொண்டாட்டம்தான்.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், "விலை அதிகம்", `x sedap` என்ற இரண்டு பதில்களையும் கொடுத்து, சுத்தம் செய்தபின் என்ன மிஞ்சுகிறது என்று திரையில் காட்டச் சொல்லுங்கள். தமிழ் சிதைந்தால் கீழே உள்ள மாற்றத்தை அவரிடம் காட்டலாம். அது வெற்றிடத்தில் மட்டுமே வெட்டும். நிறுத்தற்குறிகள் ஒட்டிக்கொள்ளும், அவற்றை முன்பே நீக்க வேண்டும்.

```
CountVectorizer(token_pattern=r"\S+")
```

உங்களுக்கு வேண்டியது இரண்டு உறுப்பினரும் இரண்டு மாலைப்பொழுதும். முதல் 50 பதில்களைச் சேர்ந்து படித்து எட்டு, பத்துத் தலைப்பு எழுதுங்கள். வேறு 50 பதில்களுக்கு இருவரும் தனித்தனியே தலைப்பு இட்டு ஒப்பிடுங்கள். முரண்பட்ட இடத்தில் தலைப்பின் விளக்கம் தெளிவில்லை என்று பொருள்; திருத்திவிட்டு மிச்சத்தைப் பங்கிடுங்கள். ஒரே பதிலுக்கு இரண்டு தலைப்பு வரலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பல பள்ளிகள் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரே கேள்வியைக் கேட்டு, பதில்கள் பத்தாயிரத்தைத் தாண்டினால் கையால் முடியாது. அப்போதும் மொழிவாரியாகப் பிரித்து, `x` போன்றவற்றை முழுச்சொல்லாக மாற்றி, சில நூறு பதில்களுக்குக் கையால் தலைப்பு இட்டுவைக்க வேண்டும். கணினி பிரித்ததை அதோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்க வேண்டாம்.