தடிமனோடு விமானப் பயணம்: காது அடைக்கும் முன்னரே தொடங்க வேண்டிய வேலை

கேள்வி: போன மாதம் தடிமனோடு சென்னையிலிருந்து கொழும்புக்குத் திரும்பினேன். கட்டுநாயக்கவில் இறங்கும்போது வலது காதில் ஊசி ஏற்றியது போல வலித்தது. பிறகு ஐந்து நாள் அடைத்தே கிடந்தது. வரும் வெள்ளிக்கிழமை தங்கையின் கல்யாணத்துக்காக மறுபடியும் சென்னை போகிறேன். நேற்றிலிருந்து மீண்டும் தடிமன். வயது 46, பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறேன். போகலாமா? காதைக் காப்பாற்ற என்ன செய்வது? எப்போது டொக்டரிடம் காட்ட வேண்டும்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: காது மூக்கு தொண்டை வைத்தியர், கொழும்பு

நுவரெலியாவிலிருந்து காரில் கொழும்புக்கு இறங்கியிருப்பீர்கள். றம்பொடை வளைவுகளில் காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் ‘டிக்’ என்று திறக்கும். நுவரெலியா ஏறத்தாழ 6,100 அடி உயரத்தில் இருக்கிறது. விமானம் 35,000 அடியில் பறந்தாலும் அதன் உள்ளே இருக்கும் காற்றழுத்தம், 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள ஒரு மலையில் இருக்கும் அழுத்தத்துக்குச் சமமாக வைக்கப்படுகிறது. ஆகவே காதைப் பொறுத்தவரை விமானம் தரையிறங்குவது நுவரெலியாவிலிருந்து இறங்குவதுதான். காரில் பல மணி நேரம் எடுக்கும் அந்த இறக்கம், விமானத்தில் இருபது இருபத்தைந்து நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

செவிப்பறைக்கு உட்புறம் நடுச்செவி என்னும் சிறிய காற்றறை இருக்கிறது. அதற்கு ஒரே ஒரு வாசல்தான்: மூக்கின் பின்பக்கம் வந்து திறக்கும் யூஸ்டேஷியன் குழாய். பெரியவர்களுக்கு அது மூன்றரை சென்ரிமீற்றர் நீளமானது. சாதாரண நேரத்தில் மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசை இழுக்க, கணநேரம் திறந்து மூடும்.

விமானம் ஏறும்போது நடுச்செவிக் காற்று விரிந்து, குழாயைத் தானே தள்ளித் திறந்துகொண்டு வெளியேறும். அதனால் ஏறும்போது வலிப்பவர்கள் குறைவு. இறங்கும்போது வெளியிலிருந்து காற்று உள்ளே போக வேண்டும். அது தானாகப் போகாது, தசைதான் திறந்துவிட வேண்டும். காலிமுகத்திடலில் செவ்விளநீரைக் கடதாசிக் குழலால் குடிக்கும்போது, நனைந்த குழலை வேகமாக உறிஞ்சினால் அதன் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? தடிமனால் வீங்கி, சளி படிந்த குழாயும் அப்படித்தான். நடுச்செவி உள்ளிழுக்க இழுக்க, குழாயின் வாய் இன்னும் இறுக மூடிக்கொள்கிறது.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. உள்ளும் புறமும் உள்ள அழுத்த வித்தியாசம் ஏறத்தாழ 90 மில்லிமீற்றர் இரசத்தைத் தாண்டிவிட்டால், தசை எவ்வளவு இழுத்தாலும் குழாய் திறக்காது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். விமான அறையின் அழுத்தம் நிமிடத்துக்கு 300 முதல் 350 அடி இறங்கும் வேகத்தில் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு தடவைகூடக் குழாய் திறக்காமல் பன்னிரண்டு நிமிடம் போனால் அந்த எல்லை வந்துவிடும். நீங்கள் வலியை உணர்வது அதற்குக் கொஞ்சம் முன்னர்தான். ஆகவே வலி தொடங்கிய பிறகு டொபியைத் தேடுவது பஸ் போன பிறகு கையைக் காட்டுவது போலத்தான். போன மாதம் நீங்கள் இறக்கத்தின் முதற்பகுதியில் தூங்கியிருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. நானும் ஒருமுறை தடிமனோடு, ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன். மறுநாள் என் செவிப்பறையைப் பார்த்த சக வைத்தியர், “இரத்தம் கட்டியிருக்கிறது, இதையா மற்றவர்களுக்குப் படிப்பிக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

இனி உங்கள் வெள்ளிக்கிழமை. போகலாமா என்பதை அன்று காலையில் உங்கள் காதே சொல்லும். முதலில் மூக்கை மெல்லச் சிந்துங்கள், ஒரு நேரத்தில் ஒரு துவாரமாக. பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குங்கள். இரண்டு காதிலும் ‘டிக்’ என்று கேட்டாலோ, ஒரு நொடி அடைத்துத் திறந்தது போல உணர்ந்தாலோ குழாய் வேலை செய்கிறது, போகலாம். மூக்குத் தெளிப்பு மருந்து அடித்து, கால்மணி நேரம் பொறுத்துப் பார்த்தும் வலது காது அசையவில்லை என்றால் அந்த விமானத்தில் ஏறாதீர்கள். டிக்கெட்டை ஒருநாள் தள்ள முடியுமா என்று இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

அந்தத் தெளிப்பு மருந்து சைலோமெற்றசோலின் அல்லது ஒக்சிமெற்றசோலின். பார்மசியில் கிடைக்கும். வீக்கத்தைச் சுருக்க ஐந்து பத்து நிமிடங்கள் போதும். சென்னைப் பறப்பு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான், இறக்கம் கடைசி அரை மணியில் தொடங்கும். எனவே விமானம் கிளம்பி இருபது நிமிடம் ஆனதும் அடித்துக்கொள்ளுங்கள். தலையைப் பின்னால் சாய்க்காமல், குப்பியின் முனையை மூக்கின் நடுச்சுவருக்கு எதிர்ப்புறமாக, அதே பக்கத்துக் கண்ணின் வெளிமூலையை நோக்கிச் சற்றே சாய்த்து அடிக்க வேண்டும். இடது துவாரத்துக்கு வலது கை, வலதுக்கு இடது கை என்றால் கோணம் தானாக வந்துவிடும். அளவு குப்பியில் எழுதியபடி. ஐந்து நாளுக்கு மேல் தொடராதீர்கள். தொடர்ந்தால் மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கும்.

பிரஷர் மாத்திரை எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் இரண்டு எச்சரிக்கைகள். பயணத்துக்கு முன் சூடோஎபெட்ரின் மாத்திரை போட்டால் காதுவலி குறையும் என்பது பெரியவர்களில் சோதித்து அறியப்பட்டதுதான். ஆனால் அது இரத்த அழுத்தத்தைக் கூட்டும், இதயத்தைப் படபடக்க வைக்கும். நண்பர் யாராவது தந்தாலும் உங்களுக்கு அது வேண்டாம். தெளிப்பு மருந்து மூக்கோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது என்றாலும், உங்கள் பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று குடும்ப வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். கொத்தமல்லி அவித்துக் குடிப்பதைத் தடுக்க மாட்டேன், தொண்டைக்கு இதம். குழாயை அது திறக்காது.

விமானத்தில் இறக்கம் தொடங்குவதை எப்படி அறிவது? இயந்திரச் சத்தம் தணியும். பணிப்பெண்கள் கோப்பைகளைச் சேகரிக்க வருவார்கள். அதுதான் உங்கள் மணி. அப்போது விழித்திருக்க வேண்டும், வாயில் ஒரு டொபி இருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறையாவது விழுங்குங்கள். டொபி எச்சிலை ஊற வைக்கும் என்பதைத் தவிர அதில் வேறு மகிமை இல்லை. தண்ணீரை வாய்வாயாகக் குடித்தாலும் சரி.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, மூக்கைப் பிடித்து, வாயை மூடி விழுங்குங்கள். பிறகு மூக்கை விட்டுவிட்டு இன்னொரு முறை விழுங்குங்கள். தடிமனுள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த முறையைத்தான், ஏனென்றால் இது சளியை உள்ளே தள்ளாது.

அது போதாமல் காது கனத்தால் மட்டும், எல்லோரும் அறிந்த ஊதும் முறைக்குப் போகலாம்: மூக்கையும் வாயையும் மூடி, கன்னம் லேசாக உப்பும் அளவுக்கு மெல்ல ஊத வேண்டும். இரண்டு மூன்று விநாடி போதும். முதலில் மூக்கைச் சிந்திவிட்டுத்தான் ஊத வேண்டும், இல்லாவிட்டால் கிருமியுள்ள சளி நடுச்செவிக்குப் போகலாம். முகம் சிவக்க, நரம்பு புடைக்க ஊதுவது கூடாது. பூட்டிக்கொண்ட குழாயை வேகம் திறக்காது. அந்த அழுத்தம் உட்செவியின் மெல்லிய சவ்வைக் கிழித்துவிடக்கூடும். திறக்கவில்லை என்றால் விட்டுவிட்டு விழுங்கிக்கொண்டே இருங்கள். தரையில் நின்ற பிறகு அழுத்த வித்தியாசம் மேலும் கூடாது, குழாய் மெல்லத் திறக்கும்.

சுடுதண்ணீரில் நனைத்த தாளைக் கோப்பையில் இட்டுக் காதில் கவிழ்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. அதனால் காதுமடல் வெந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். கைக்குழந்தை கூட வந்தால் இறக்கத்தின்போது எழுப்பிப் பால் கொடுக்கச் சொல்லுங்கள்.

இறங்கிய பின்னர் காது அடைத்து, சத்தம் தூரத்தில் கேட்பது போலவும், உங்கள் குரல் உள்ளுக்குள் ஒலிப்பது போலவும் இருந்தால், நடுச்செவியில் நீர் சுரந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். போன மாதம் உங்களுக்கு நடந்ததும் அதுவாகவே இருக்கும். பெரும்பாலும் சில நாட்களில், தடிமன் விலக விலகச் சரியாகும். விழுங்குவதைத் தொடருங்கள், வலிக்குப் பரசிற்றமோல் போதும். காதுக்குள் நல்லெண்ணெயோ, பூண்டு காய்ச்சிய எண்ணெயோ, சொட்டு மருந்தோ விடக்கூடாது. செவிப்பறை கிழிந்திருந்தால் அது நேரே நடுச்செவிக்குள் போகும். கிழிந்திருக்கிறதா என்று வீட்டில் பார்த்துச் சொல்ல முடியாது. திடீரென்று வலி தணிந்து, காதிலிருந்து இரத்தமோ நீரோ வடிந்தால் கிழிந்ததாகவே நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஓரிரு நாளுக்குள் காட்ட வேண்டும், குளிக்கும்போது தண்ணீர் புகாமல் பார்க்க வேண்டும். பெரும்பாலான கிழிசல்கள் சில வாரங்களில் தாமே மூடிக்கொள்ளும்.

அடைப்பு பத்து நாள் தாண்டினாலும், காய்ச்சல் வந்து வலி கூடினாலும் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கு வாருங்கள்.

பொறுக்கக் கூடாதது வேறொன்று. உலகமே சுற்றுவது போன்ற தலைசுற்றல், சட்டென்று குறைந்த கேள்விப்புலன், ஓயாத பெரிய இரைச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் பாதிப்பு உட்செவிக்குப் போயிருக்கலாம். வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதிலேயே முனகல் பலமாகக் கேட்டால் பிரச்சினை நடுச்செவியில்தான் இருக்கக்கூடும்; அவசரமில்லை. நல்ல காதின் பக்கம் கேட்டால் அடைத்த காதின் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றைக்கே காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போங்கள். இரவென்றால் சென்னையில் எந்தப் பெரிய வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்கும், கொழும்பென்றால் தேசிய வைத்தியசாலைக்கும். இதற்குத் தரும் ஸ்டீரொயிட் சிகிச்சை முதல் சில நாட்களில்தான் நன்றாக வேலை செய்கிறது. முனகல் சோதனை ஒரு குறிப்பு மட்டுமே; தலைசுற்றல் இருந்தால் முனகல் எந்தப் பக்கம் கேட்டாலும் போய்த்தான் ஆக வேண்டும்.

திரும்பும் நாளிலும் காலையில் மூக்கைப் பிடித்து விழுங்கும் அதே சோதனையைச் செய்துவிட்டுக் கிளம்புங்கள். தெளிப்பு மருந்தின் ஐந்து நாள் கணக்கு வெள்ளிக்கிழமையிலிருந்து ஓடுகிறது. கல்யாண வீட்டில் மூக்கடைப்புக்காக அதைத் தினமும் அடித்துத் தீர்த்துவிடாமல், திரும்பும் பறப்புக்கு ஒரு நாளை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.